மாற்றுச் சான்றிதழ் கேட்டுத் தலைமையாசிரியருக்குத் தமிழில் கடிதம் எழுதுவது எப்படி?

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். கணவருக்குக் கோயம்புத்தூருக்கு மாறுதல் வந்துவிட்டது. டி.சி. வேண்டும் என்று பள்ளியில் கேட்டால், தமிழில் கடிதம் எழுதிக் கொண்டுவாருங்கள் என்கிறார்கள். பள்ளிக்கூடம் விட்டபிறகு நான் தமிழில் கடிதமே எழுதியதில்லை. மரியாதையாக இருக்க வேண்டும், அதே சமயம் கெஞ்சுவது போலவும் இருக்கக் கூடாது. எப்படி எழுதுவது?

பதில்:

ஒரு மேல்நிலைப் பள்ளியின் அலுவலகத்தில் பல ஆண்டுகள் எழுத்தராக இருந்தவன் நான். டி.சி. கேட்டு வரும் கடிதங்களைப் பிரித்துப் பதிவு செய்து, தலைமையாசிரியர் மேசையில் வைப்பது என் வேலை. முதலில் கடிதத்தையே தருகிறேன். பெயர், முகவரி, எண்கள் எல்லாம் மாதிரிக்குத்தான். உங்களுடையதை இட்டுக்கொள்ளுங்கள். ஏன் இப்படி எழுத வேண்டும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அனுப்புநர்
    க. மாலதி,
    12, கீழத் தெரு,
    திருமங்கலம் – 625 706,
    மதுரை மாவட்டம்.

பெறுநர்
    உயர்திரு தலைமையாசிரியர் அவர்கள்,
    ……… மேல்நிலைப் பள்ளி,
    திருமங்கலம் – 625 706.

மதிப்பிற்குரிய ஐயா,

    பொருள்: ஏழாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி செ. நிலாவுக்கு மாற்றுச் சான்றிதழ் வேண்டுதல் – தொடர்பாக.

    வணக்கம். தங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் படித்துவரும் செ. நிலா (சேர்க்கை எண் 4127) என் மகள். என் கணவருக்குக் கோயம்புத்தூருக்குப் பணியிட மாறுதல் வந்துள்ளதால், நாங்கள் குடும்பத்துடன் அங்குக் குடிபெயர இருக்கிறோம். நிலாவையும் அங்குள்ள பள்ளியில் சேர்க்க வேண்டியுள்ளது.

    நிலா 10.10.2025 வெள்ளிக்கிழமை வரை பள்ளிக்கு வருவாள். இதுவரை செலுத்த வேண்டிய கட்டணங்களைச் செலுத்திவிட்டோம். நூலகப் புத்தகங்களையும் ஒப்படைத்துவிட்டோம்.

    ஆகவே, நிலாவின் மாற்றுச் சான்றிதழை வழங்க ஆவன செய்யுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

    நன்றி.

                                        இப்படிக்கு,
                                        தங்கள் உண்மையுள்ள,
                                        (கையொப்பம்)
                                        க. மாலதி.

இடம்: திருமங்கலம்
நாள்: 06.10.2025

இணைப்பு: பணியிட மாறுதல் ஆணையின் நகல்.

இவ்வளவுதான். ஒரு பக்கத்தில் முடிந்துவிடும், முடிய வேண்டும்.

இனி மரியாதைக்கு வருவோம். கெஞ்சக் கூடாது, மரியாதையும் குறையக் கூடாது என்கிறீர்கள். அந்த அளவைத் தீர்மானிப்பது கடைசிப் பத்தியின் வினைச்சொல்தான். ‘சான்றிதழை வழங்கவும்’ என்று எழுதினால் அது கட்டளை. மேலதிகாரி கீழே உள்ளவருக்கு எழுதும் குறிப்பில் அது வரும், பெற்றோர் கடிதத்தில் வரக் கூடாது. ‘வழங்க வேண்டும்’ என்றால் கோரிக்கை மனுவின் தொனி வந்துவிடும். ‘கேட்டுக்கொள்ளப்படுகிறது’ என்று பலர் எழுதுகிறார்கள். அரசு அறிவிப்புகளில் பார்த்துப் பழகியதால் அதுதான் அலுவலகத் தமிழ் என்று நினைக்கிறார்கள். கேட்பவர் யார் என்றே தெரியாத நடை அது. ‘பொதுமக்கள் வரிசையில் நிற்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்கிற பலகைக்குத்தான் பொருந்தும். நீங்கள் ஒரு ஆள், இன்னொரு ஆளிடம் கேட்கிறீர்கள். அதனால் ‘செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்பதுதான் சரி. ‘வேண்டுகிறேன்’ என்றாலும் நல்லதுதான்.

‘ஆவன செய்யுமாறு’ என்ற தொடரை நான் விட்டுவிடவில்லை, கவனித்திருப்பீர்கள். ஆக வேண்டியவற்றைச் செய்யுங்கள் என்பதுதான் அதன் பொருள். டி.சி.யைத் தலைமையாசிரியர் தன் கையால் எழுதப் போவதில்லை. வகுப்பாசிரியர் வருகைப் பதிவைப் பார்க்க வேண்டும், அலுவலகம் சேர்க்கைப் பதிவேட்டை எடுக்க வேண்டும், பிறகுதான் அவர் கையெழுத்து. இத்தனை வேலையையும் நடத்திவைக்கச் சொல்லும் சொல் அது, அதனால் இங்கே சரியாகப் பொருந்துகிறது.

அடுத்து ‘தங்கள்’. முதல் வரியில் ‘தங்கள் பள்ளியில்’ என்று தொடங்கினால் கடைசி வரை ‘தங்கள், தங்களை’ என்றே போக வேண்டும். நடுவில் ‘உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்’ என்று வந்துவிட்டால் பேச்சு நடுவே குரல் மாறியது போல இருக்கும். ‘உங்கள்’ என்பதும் மரியாதைச் சொல்தான், அதில் குற்றமில்லை. ஆனால் விண்ணப்பக் கடிதத்தில் ‘தங்கள்’ என்பதே வழக்கம். எதை எடுத்தாலும் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த கடிதங்களில் பாதிக்குப் பாதி இந்தக் கலப்பு இருந்தது.

கெஞ்சல் எங்கே நுழைகிறது என்றால், அடைமொழிகளில். ‘கருணை கூர்ந்து’, ‘மிகவும் தாழ்மையுடன்’, ‘என் குடும்பச் சூழ்நிலையைக் கருத்தில் கொண்டு பெரிய மனது பண்ணி’ என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். இவை எதுவும் தேவையில்லை. குழந்தைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 5-ஆம் பிரிவைப் பாருங்கள். தொடக்கக் கல்வி முடியாத பிள்ளை, அதாவது எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளை, வேறு பள்ளியில் சேர மாற்றுச் சான்றிதழ் கேட்டால் தலைமையாசிரியர் உடனே வழங்க வேண்டும் என்று அது சொல்கிறது. உங்கள் மகள் அதற்குள் வருகிறாள். சட்டம் தரச் சொன்ன ஒன்றைத்தான் கேட்கிறீர்கள், கருணையை அல்ல. ‘பணிவுடன்’ என்ற ஒரே சொல் போதும். அதை ஒரு முறை எழுதினால் மரியாதை. மூன்று முறை எழுதினால் படிப்பவருக்கே கூச்சமாக இருக்கும். அதே காரணத்தால் ‘தயவுசெய்து’ என்பதையும் விட்டுவிடலாம், ‘கேட்டுக்கொள்கிறேன்’ என்பதிலேயே அது அடங்கியிருக்கிறது. சட்டப் பிரிவை இந்தக் கடிதத்தில் எழுதாதீர்கள். அதற்கு வேறு சமயம் வரலாம், பின்னால் சொல்கிறேன்.

விளிக்கும் சொல்லில் ஒன்று கவனியுங்கள். ‘ஐயா / அம்மா’ என்று கோடு போட்டு எழுதிவிட்டு எது பொருந்துமோ எடுத்துக்கொள்ளட்டும் என்று விடுவது அச்சடித்த படிவத்துக்குச் சரி. கையால் எழுதும் கடிதத்தில் அது அலட்சியமாகத் தெரியும். தலைமையாசிரியர் யார் என்று வாசலில் விசாரித்தால் சொல்லிவிடுவார்கள். பெண் என்றால் ‘மதிப்பிற்குரிய அம்மையீர்’ என்று எழுதலாம், ‘அம்மா’ என்றாலும் தவறில்லை. பதவிப் பெயரைத் ‘தலைமையாசிரியர்’ என்றே விட்டுவிடுங்கள், இருபாலருக்கும் அதுவே செல்லும். அவர் பெயரைப் பெறுநர் பகுதியில் எழுத வேண்டிய தேவை இல்லை, கடிதம் பதவிக்குத்தான் போகிறது. ‘உயர்திரு’ போதும். ‘மாண்புமிகு’ என்று சிலர் ஏற்றி எழுதுவார்கள். அது அமைச்சர்களுக்கும் நீதிபதிகளுக்கும் உரியது. அப்புறம், உங்கள் பெயருக்கு முன் ‘திருமதி’ போடாதீர்கள். மற்றவர் நமக்குத் தரும் மரியாதையை நாமே நமக்குத் தந்துகொள்வதில்லை.

இதே போலத்தான் மகளைக் குறிக்கும் வினையும். ‘நிலா பள்ளிக்கு வருவாள்’ என்று எழுதியிருக்கிறேன். ‘வருவார்’ என்று எழுதினால் தப்பா என்று கேட்பீர்கள். பள்ளி தன் மாணவியைப் பற்றி எழுதும்போது ‘வருகிறார்’ என்று எழுதும், அது அழகு. தாயே தன் பிள்ளையைப் பெரியவரிடம் ‘அவர்’ என்று சொல்வது தமிழில் ஒட்டாது. ‘வருவாள்’ என்பதே இயல்பு.

முடிவில் ‘தங்கள் உண்மையுள்ள’. ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள’ என்பது மாணவர் எழுதும் கடிதத்துக்கு. பள்ளியில் விடுப்புக் கடிதம் எழுதிய பழக்கத்தில் பெற்றோரும் அதையே எழுதிவிடுகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை தானே டி.சி. கேட்டு எழுதினால் ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி’ என்று முடிக்கட்டும், நீங்கள் வேண்டாம்.

எழுத்துப் பிழையில் மூன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இவை கடிதத்தின் தலையிலேயே நிற்பவை. ‘அனுப்புநர்’, ‘பெறுநர்’ இரண்டிலும் ‘ந’ வர வேண்டும். ‘அனுப்புனர்’, ‘பெறுனர்’ என்று எழுதுவது தவறு. ஓட்டுநர், இயக்குநர் போலத்தான் இதுவும். ‘பெறுநர்’ என்பதில் வல்லின ‘று’, பெறுதலிலிருந்து வருவது. மூன்றாவது, ‘மாற்றுச் சான்றிதழ்’. நடுவில் ‘ச்’ வேண்டும்.

சரி, இனி அலுவலகத்துக்குள் இந்தக் கடிதத்துக்கு என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். எதை எழுத வேண்டும், எதை விட வேண்டும் என்பது அதில்தான் விளங்கும். தமிழ்நாட்டுப் பள்ளிகள் தரும் மாற்றுச் சான்றிதழில் ஒரு வரி உண்டு: பெற்றோர் அல்லது பாதுகாவலர் மாற்றுச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பித்த நாள். இன்னொரு வரி, மாணவர் உண்மையில் பள்ளியை விட்டு நீங்கிய நாள். முதல் வரிக்கான நாள் உங்கள் கடிதத்தின் அடியிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. இரண்டாவதற்கு வருகைப் பதிவேட்டைப் பார்ப்போம். கடிதத்தில் நாளே இல்லாவிட்டால் அலுவலகம் தனக்குத் தோன்றிய நாளை எழுதிவிடும். கடைசியாக வரும் நாளைச் சொல்லாவிட்டால், கடிதம் கொடுத்த அன்றே பிள்ளை நின்றுவிட்டதாகச் சிலர் எடுத்துக்கொள்வார்கள். அதனால்தான் மாதிரியில் 06.10.2025 என்ற நாளும், 10.10.2025 வரை வருவாள் என்ற வரியும் தனித்தனியாக இருக்கின்றன.

சேர்க்கை எண்ணும் அப்படித்தான். ஒரே வகுப்பில் இரண்டு நிலா இருக்கலாம். எண் இருந்தால் சேர்க்கைப் பதிவேட்டில் நேராக அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடலாம். மதிப்பெண் அட்டையிலோ பழைய கட்டண ரசீதிலோ அந்த எண் இருக்கும். இல்லாவிட்டால் வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். மாணவர் விவரங்களைப் பதியும் பள்ளிக் கல்வித் துறையின் இணையதளம் எமிஸ். அதில் உள்ள எண் தெரிந்தால் அதையும் பக்கத்திலேயே எழுதலாம்.

பெயரைப் பதிவேட்டில் உள்ளபடியே எழுதுங்கள், முன்னெழுத்து உட்பட. இதில் நான் பார்த்த ஒரு சம்பவம். ஒரு அப்பா தன் மகனின் பெயரை வீட்டில் கூப்பிடும் விதமாகவே கடிதத்தில் எழுதிக் கொடுத்தார். பதிவேட்டில் அந்தப் பெயரே இல்லை. பக்கத்துப் பிரிவில் கிட்டத்தட்ட அதே பெயரில் ஒரு பையன் இருந்தான், அவனுக்கு டி.சி. தயாராகிவிட்டது. கையெழுத்துக்குப் போகும் முன் வகுப்பாசிரியர் பார்த்துக் கண்டுபிடித்தார். அவர் அன்று விடுப்பில் இருந்திருந்தால் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பையன் ஏட்டில் இல்லாமல் போயிருப்பான். கடிதத்தில் எண் ஒன்று இருந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது.

காரணத்தை ஒரே வரியில் சொல்லுங்கள். உங்களுடையது பணியிட மாறுதல், ஆணையின் நகலையும் இணைக்கலாம். சிலருக்குக் காரணம் அந்தப் பள்ளியின் மேலேயே உள்ள வருத்தமாக இருக்கும். அதை இந்தக் கடிதத்தில் கொட்டக் கூடாது. ‘குடும்பச் சூழல் காரணமாக வேறு பள்ளியில் சேர்க்க விரும்புகிறோம்’ என்று எழுதினால் போதும். குறை இருந்தால் அதற்குத் தனிக் கடிதம், தனி நாளில். இரண்டையும் ஒரே தாளில் எழுதியவர்களின் கடிதம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். குறைக்கு விளக்கம் எழுத வேண்டும் என்று தாள் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகும், அது திரும்பி வரும் வரை டி.சி. நகராது.

கடிதத்தை இரண்டு படி எடுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று நாளுடன் கையொப்பமும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். சண்டைக்கு அல்ல. நீங்கள் கேட்டது என்றைக்கு என்பதற்கு அது ஒன்றுதான் அடையாளம்.

அதன் பிறகும் இழுத்தடித்தால் இரண்டாவது கடிதம் எழுத வேண்டியிருக்கும். அப்போதும் குரலை உயர்த்த வேண்டியதில்லை. ‘பொருள்’ என்பதற்குக் கீழே ‘பார்வை: தங்களுக்கு அளித்த எனது கடிதம், நாள் 06.10.2025’ என்று ஒரு வரி சேருங்கள். உள்ளே இப்படி எழுதலாம்: ‘பார்வையில் கண்ட கடிதத்தின் வழியே என் மகள் செ. நிலாவின் மாற்றுச் சான்றிதழை வேண்டியிருந்தேன். சான்றிதழ் இதுவரை கிடைக்கவில்லை என்பதைத் தங்களின் மேலான கவனத்திற்குக் கொண்டுவருகிறேன். கல்வி உரிமைச் சட்டம், 2009, பிரிவு 5-இன்படி அதை விரைவில் வழங்க ஆவன செய்யுமாறு மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ சட்டப் பிரிவு வர வேண்டிய இடம் இதுதான். ‘கிடைக்கவில்லை’ என்று நடந்ததைத்தான் சொல்கிறோம், ‘தாங்கள் தரவில்லை’ என்று ஆளைச் சுட்டவில்லை. பொருள் ஒன்றுதான், ஆனால் படிப்பவருக்கு இறங்கி வர இடம் கிடைக்கிறது.

கட்டண பாக்கியைச் சொல்லி டி.சி.யை நிறுத்திவைப்பது தனியார் பள்ளிகளில் நடக்கிறது. மாற்றுச் சான்றிதழைக் கட்டணம் வசூலிக்கும் கருவியாகப் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லியிருக்கிறது. உங்களுக்குப் பாக்கி இல்லை என்றால் மாதிரியில் உள்ளபடி அந்த வரியை எழுதிவிடுங்கள், பேச்சே எழாது. பாக்கி இருந்தால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். உண்மையல்லாததை எழுதி அதன் கீழே கையொப்பமிட வேண்டாம். ஒருவேளை டி.சி. தாமதமாகிக் கோயம்புத்தூரில் சேர்க்கை நின்றுபோகுமோ என்று பயப்படாதீர்கள். டி.சி. வரத் தாமதம் என்பதற்காக அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ உங்கள் மகளைச் சேர்க்காமல் இருக்கக் கூடாது என்று அதே 5-ஆம் பிரிவு சொல்கிறது.

டி.சி.யை வாங்கும் நாளில் அவசரப்படாதீர்கள். அதில் பெற்றோரின் உறுதிமொழி ஒன்று இருக்கும்: மேலே உள்ள விவரங்கள் சரி, இனிமேல் மாற்றம் கேட்க மாட்டேன் என்று. அதன் கீழே நீங்கள் கையொப்பமிட வேண்டும். அதற்கு முன் அங்கேயே நின்று பெயர், முன்னெழுத்து, பிறந்த நாள் மூன்றையும் பிறப்புச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறந்த நாள் எண்ணிலும் எழுத்திலும் இருக்கும், இரண்டும் ஒத்துப்போக வேண்டும். பிழை இருந்தால் அடித்துத் திருத்தித் தரச் சம்மதிக்காதீர்கள், அப்படித் திருத்திய சான்றிதழ் செல்லாமல் போகக்கூடும். புதிதாக எழுதித் தரச் சொல்லுங்கள். கிளம்பும் முன் அலுவலகத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: எமிஸ் தளத்தில் நிலாவை இந்தப் பள்ளியிலிருந்து விடுவித்துப் பொதுத் தொகுப்புக்கு மாற்றிவிட்டீர்களா? அவர்கள் அதைக் ‘காமன் பூல்’ என்பார்கள். அங்கிருந்துதான் கோயம்புத்தூர்ப் பள்ளி அவளைத் தன் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியும். இதை மறந்துவிட்டு, தாளை மட்டும் வாங்கிக்கொண்டு ஊர் மாறிப் போய், மறுபடி பேருந்து ஏறி வந்தவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.